இருபது மணி நேரத்தை எங்கே வைப்பது?

பிரிட்டனில் ஓராண்டு எம்.எஸ்சி. படிக்கப் போகிறவர்கள் விசா விதிகளில் முதலில் தேடுவது ‘வாரம் 20 மணி நேரம் வேலை செய்யலாம்’ என்ற வரியைத்தான். அந்த இருபதையும் நிரப்பிவிட்டு, மிச்ச நேரத்தில் படித்துக்கொள்ளலாம் என்று கணக்குப் போடுகிறார்கள். கணக்கைத் தலைகீழாகப் போட வேண்டும்.

அந்தப் படிப்பு மொத்தம் 180 கிரெடிட். ஒரு கிரெடிட்டுக்கு 10 மணி நேர உழைப்பு என்பது அங்குள்ள பொதுக்கணக்கு. ஒரு பருவத்துக்கு 60 கிரெடிட் என்றால் 600 மணி நேரம். தேர்வு, அசைன்மென்ட் நாட்களையும் சேர்த்து 15 வாரம் என்று கொண்டால், வாரத்துக்கு 40. கால அட்டவணையில் வகுப்பு என்று இருப்பதோ பத்துப் பன்னிரண்டு மணி நேரம்தான். மீதி இடம் காலியாகத் தெரிவதால் ஷிஃப்ட் அங்கே வந்து உட்கார்ந்துகொள்கிறது.

சூப்பர் மார்க்கெட்டில் வேலை பார்க்கும் ஒரு மாணவியின் வாரத்தை இப்படி அமைக்கலாம். திங்கள் முதல் வியாழன் வரை, வகுப்பையும் சேர்த்து நாளுக்கு எட்டு மணி நேரம் படிப்பு. வெள்ளி காலை நான்கு மணி நேரம் அசைன்மென்டுக்கு மட்டும். வேலை புதன் மாலை மூன்று மணி நேரம், வெள்ளி மாலை ஐந்து, சனி எட்டு, மொத்தம் 16. ஞாயிறு மதியம்வரை தூக்கம், துணி துவைப்பு, வாரத்துக்கான சமையல், வீட்டுக்கு போன். மாலையில் நான்கு மணி நேரம் படித்தால் நாற்பது நிறைந்துவிடும்.

மிச்சம் வைத்த நான்கு மணி நேரம் வீணல்ல. “ஞாயிறு ஒருவர் வரவில்லை, அஞ்சு மணி நேரம் வர முடியுமா?” என்று மேலாளர் கேட்பார். 16-உம் ஐந்தும் 21. விசா விதி மீறப்பட்டுவிடும். திங்கள் முதல் ஞாயிறுவரை ஒரு வாரம். அடுத்த வாரம் குறைத்து ஈடுகட்ட முடியாது. இரண்டு இடத்தில் வேலை என்றால் இரண்டையும் கூட்டித்தான் பார்ப்பார்கள். சுயதொழிலாகச் செய்யும் உணவு டெலிவரிக்கோ மாணவர் விசாவில் அனுமதியே இல்லை.

பலர் ஏமாறுவது கோடையில். இளநிலை மாணவர்களுக்கு அது விடுமுறை. முதுநிலை மாணவர்களுக்கு ஆய்வேடு எழுதும் காலம் என்பதால் பொதுவாக அதுவும் படிப்புக்காலமே, இருபது மணி நேர வரம்பும் தொடரும். கோடையில் முழுநேரம் உழைத்துக் கட்டணத்தை அடைக்கலாம் என்று கடன் வாங்கிப் போகிறவர்கள் இதைப் புறப்படும் முன்பே தெரிந்துகொள்ள வேண்டும்.

வாரம் சரியாக ஓடுகிறதா என்று பார்க்க ஓர் எளிய வழி உண்டு. தவறவிட்ட வகுப்புகளின் ரெக்கார்டிங் இரண்டு வாரத்துக்கு மேல் பார்க்காமல் சேர்ந்தால், புதன் மாலை ஷிஃப்டை முதலில் விடுங்கள். ஞாயிறு காலைத் தூக்கத்தில் கைவைக்காதீர்கள்.