புகையை விட்ட பிறகு வாரம் வாரமாக என்ன நடக்கும்? எப்போது தணியும்?

ரமளானில் ஸஹர் முதல் மஃரிப் வரை, ஏறத்தாழ 13, 14 மணி நேரம் சிகரெட்டைத் தொடாமல் இருக்கும் சகோதரர்கள் நம்மில் ஏராளம். ஆனால் நோன்பு திறந்த சில நிமிடங்களில் ஒன்றைப் பற்றவைத்து விடுகிறார்கள். முப்பது நாளும் இப்படியே போகிறது. பெருநாள் முடிந்ததும், "ஒரு மாதம் பகலெல்லாம் விட்டிருந்தும் ஆசை கொஞ்சமும் குறையவில்லையே" என்கிறார்கள்.

காரணம் நிகோடின். இரத்தத்தில் உள்ள நிகோடின் பாதியாகக் குறைய சுமார் 2 மணி நேரமே போதும். அஸர் நேரத்திற்குள் அது பெரும்பாலும் போய்விடும். ஆனால் பல வருடப் பழக்கத்தில், நிகோடினை ஏற்றுக்கொள்ளும் இடங்கள் மூளையில் பெருகிப் போயிருக்கின்றன. அவை பழைய அளவுக்குத் திரும்ப வாரக்கணக்கில் நிகோடின் இல்லாமல் இருக்க வேண்டும். இரவில் பிடிக்கும் சிகரெட் அவற்றுக்கு மறுபடியும் தீனி போடுகிறது. அதாவது இந்தச் சகோதரர் முதல் நாள் கஷ்டத்தை முப்பது தடவை அனுபவிக்கிறார். நான்காம் நாளை ஒரு தடவைகூடப் பார்ப்பதில்லை.

இரவிலும் சேர்த்து விட்டால் என்ன நடக்கும்? ஒருவரை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். வயது 45, கடை வியாபாரம், தினமும் 15 சிகரெட். முதல் நோன்புக்கு முந்தைய இரவு 10 மணிக்குக் கடைசி சிகரெட்டைப் பிடித்துவிட்டு நிறுத்துகிறார்.

முதல் 3 நாட்கள்

அதிகாலை 4 மணிக்கு ஸஹருக்கு எழும்போது 6 மணி நேரம் ஆகியிருக்கும். இரத்தத்தில் நிகோடின் எட்டில் ஒரு பங்காகக் குறைந்திருக்கும். அன்றே எரிச்சல், படபடப்பு, ஓரிடத்தில் உட்கார முடியாத நிலை தொடங்கும். சிலருக்கு லேசான தலைசுற்றல் வரும். அது பெரும்பாலும் 2 நாட்களில் போய்விடும்.

இரண்டாம், மூன்றாம் நாட்களில்தான் எல்லா அறிகுறிகளும் உச்சத்தில் இருக்கும். புகைக்கும் ஆசை அலை போல எழும். ஆனால் ஓர் அலை பொதுவாகச் சில நிமிடங்களே நிற்கும். சிகரெட் பிடிக்காவிட்டாலும் அது தானாக இறங்கிவிடும். நோன்பு திறந்த உடனே வரும் அலைதான் பலரை வீழ்த்துகிறது. எனவே பேரீச்சம்பழம், தண்ணீர், கஞ்சி முடிந்ததும் வெளியே கடைப்பக்கம் போகாமல் நேரே மஃரிப் தொழுகைக்கு எழுந்துவிட்டால், அந்தச் சில நிமிடங்கள் கடந்துவிடும்.

முதல் வாரத்தின் மீதி நாட்கள்

நான்காம் நாளிலிருந்து வேகம் மெல்லக் குறையும். தூக்கம் கலைவதும், தெளிவான விசித்திரக் கனவுகள் வருவதும் இந்த வாரத்தில் சகஜம். பலருக்கு ஒரு வாரத்தில் தூக்கம் சீராகத் தொடங்கும்.

இங்கே தேநீர் பற்றி ஒரு விஷயம். சிகரெட் புகையில் உள்ள சில பொருட்கள், தேநீர், காபியில் இருக்கும் காஃபினை ஈரல் வேகமாக வெளியேற்றும்படி செய்கின்றன. புகை நின்றதும் அந்த வேகம் குறைந்துவிடும். அதே இரண்டு கிளாஸ் தேநீர் இப்போது உடலில் அதிக நேரம் தங்கி, படபடப்பையும் தூக்கமின்மையையும் கூட்டும். பலர் இதையும் நிகோடின் இல்லாததன் கஷ்டம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். தராவீஹுக்குப் பிறகு குடிக்கும் தேநீரைப் பாதியாகக் குறைத்துப் பாருங்கள், வித்தியாசம் தெரியும். அதே சமயம், முதல் நோன்புகளில் பிற்பகலில் வரும் தலைவலிக்குப் பகல் தேநீர் இல்லாததும் ஒரு காரணமாக இருக்கலாம்.

இரண்டாம் வாரம்

ஆசை அலைகளின் எண்ணிக்கையும் வலிமையும் குறையும். கணக்குப் பார்ப்பதில் கவனம் சிதறுவது போன்ற தொல்லை பெரும்பாலும் இந்த வாரத்திற்குள் தணியும். மலச்சிக்கல் வரலாம்; நிகோடின் குடலைத் தூண்டிக்கொண்டிருந்தது, இப்போது அந்தத் தூண்டல் இல்லை. இஃப்தார் முதல் ஸஹர் வரை தண்ணீரும் பழமும் கூட்டினால் சரியாகும். சிலருக்கு இருமல் முன்பைவிட அதிகமாகும். மூச்சுக்குழாயில் சளியை வெளியே தள்ளும் நுண் மயிர்கள் மறுபடியும் வேலை செய்யத் தொடங்குவது அதற்கு ஒரு காரணம்.

மூன்றாம், நான்காம் வாரங்கள்

எரிச்சலும் மனச்சோர்வும்தான் கடைசிவரை இழுக்கும். அவையும் பொதுவாக 4 வாரத்திற்குள் அடங்கும். ஆகவே வீட்டிலுள்ளவர்கள் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். இந்த நாட்களில் அவர் சிறு விஷயத்திற்கும் சள்ளென்று விழுந்தால், அது குணம் மாறியதால் அல்ல. "சிகரெட் பிடிச்சப்பவே நல்லா இருந்தீங்க" என்று சொல்லிவிடாதீர்கள். அந்த ஒரு வார்த்தையே மறுபடியும் பற்றவைக்கக் காரணமாகிவிடும்.

இரண்டாம், மூன்றாம் மாதங்கள்

ஏற்பு இடங்கள் பழைய அளவுக்குத் திரும்புவது ஏறத்தாழ 6 முதல் 12 வாரங்களில். பசி மட்டும் 10 வாரத்திற்கு மேலும் நீடிக்கும். சில கிலோ எடை கூடுவது சகஜம். பெருநாளுக்குப் பிறகு நண்பர்களோடு தேநீர்க் கடையில் நிற்கும்போதும், பிரியாணி சாப்பிட்ட பிறகும் திடீரென ஆசை எழும். இது உடல் கேட்பதைவிடப் பழக்கம் கேட்பது. "ஒன்றே ஒன்று" என்று பிடித்தால் பழைய எண்ணிக்கை சில நாட்களில் திரும்பிவிடுவதுதான் பெரும்பாலும் நடக்கிறது. அப்படித் தவறினாலும், அன்றே மறுபடியும் நிறுத்திவிட வேண்டும். அடுத்த ரமளான் வரை காத்திருக்க வேண்டாம்.

மருந்து உதவி

எழுந்த அரை மணி நேரத்திற்குள் முதல் சிகரெட் பிடிப்பவர்களுக்குப் பிடிமானம் கடுமையாக இருக்கும். அவர்கள் மருத்துவரிடம் கேட்டு நிகோடின் சூயிங்கம் அல்லது தோலில் ஒட்டும் நிகோடின் பட்டை பயன்படுத்தினால் மேற்சொன்ன அறிகுறிகள் மட்டுப்படும். சூயிங்கம்மை விடாமல் மென்றால் விக்கலும் நெஞ்செரிச்சலும் வரும். சில தடவை மென்று, காரம் தெரிந்ததும் கன்னத்தில் ஒதுக்கி வைக்க வேண்டும். நோன்பு நாட்களில் அதை இஃப்தாருக்கும் ஸஹருக்கும் இடையில் மட்டுமே மெல்லலாம். ஒட்டும் பட்டையைப் பகலில் அணிவது பற்றி உங்கள் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இந்தியாவில் 1800-11-2356 என்ற இலவச எண்ணில் தேசியப் புகையிலை நிறுத்த உதவி மையத்தின் ஆலோசனை கிடைக்கும்.

எது இந்த அறிகுறி அல்ல?

நெஞ்சு வலி, மூச்சுத்திணறல், சளியில் இரத்தம் ஆகியவற்றை "புகையை விட்டதால் வருகிறது" என்று ஒதுக்கக் கூடாது. உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும். 4 வாரம் கடந்தும் மனச்சோர்வு நீடித்தாலும், உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் எப்போது வந்தாலும் அப்படியே. சர்க்கரை நோய்க்கும் மனநோய்க்கும் மருந்து எடுப்பவர்கள் நிறுத்தும் முன்பே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்; சில மருந்துகளின் அளவை மாற்ற வேண்டியிருக்கும்.

நம் உதாரணத்தில் உள்ளவருக்குப் பெருநாள் வரும்போது 4 வாரம் கடந்திருக்கும். பசியும் எப்போதாவது எழும் ஆசையும் தவிர மற்றவை பெரும்பாலும் அடங்கியிருக்கும், இன்ஷா அல்லாஹ். பகலில் மட்டும் விட்டவருக்கோ அன்றும் முதல் நாள்தான்.