ஒரு விதி... ஒரு காட்சி! விரல்களைக் காக்கும் பயிற்சி வீடியோ

பவர் பிரஸ் இயந்திரத்தில் தகட்டை வைத்து பட்டனை அழுத்தினால், மேல் டை சட்டென்று இறங்கி வெட்டும். கை உள்ளே இருந்தால் விரல் போய்விடும். அதனால்தான் புதிதாகச் சேர்பவருக்கு முதலில் பாதுகாப்பு வீடியோ காட்டுகிறார்கள்.

ஆனால், பல வீடியோக்களில் ஒலிக்கும் வாசகம் இப்படித்தான் இருக்கும்: ‘இயந்திரத்தை இயக்கும் முன் அனைத்துப் பாதுகாப்புச் சாதனங்களும் முறையாகச் செயல்படுகின்றனவா என்பதை உறுதிசெய்துகொள்ள வேண்டும்.’ திரையிலோ தொழிற்சாலையின் வாசல்! எதைத் தொட்டுப் பார்ப்பது என்று யாருக்குப் புரியும்?

அதையே இப்படி எழுதலாம்.

காட்சி 1: இரு உள்ளங்கைகள், இரு பட்டன்கள்.
குரல்: ‘இரண்டு கையாலும் அழுத்துங்கள்.’

காட்சி 2: இடுக்கி, தகட்டை டையில் வைக்கிறது.
குரல்: ‘தகட்டை இடுக்கியால் வையுங்கள்.’

காட்சி 3: மோட்டார் நிற்கிறது. பக்கவாட்டுச் சக்கரம் மெதுவாகச் சுற்றி ஓய்கிறது.
குரல்: ‘தகடு சிக்கினால் மோட்டாரை நிறுத்துங்கள். சக்கரம் நிற்கும்வரை காத்திருங்கள்.’

காட்சி 4: மெயின் சுவிட்சில் பூட்டு. சாவி சட்டைப் பையில்.
குரல்: ‘பூட்டுங்கள். சாவியை நீங்களே வைத்திருங்கள்.’

காட்சி 5: இரண்டு டைகளுக்கும் நடுவே தாங்கு கட்டை.
குரல்: ‘கட்டை வைத்த பிறகே கையை நீட்டுங்கள்.’

இதில் முக்கியமானது மூன்றாவது காட்சி. மோட்டாரை நிறுத்தினாலும், ஃப்ளைவீல் எனும் அந்தக் கனமான சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கும். அந்த நேரத்தில் கிளட்ச் பிடித்துக்கொண்டால், டை இன்னொரு முறை இறங்கிவிடும். வீடியோ நீளமாகிறதே என்று எடிட்டிங்கில் இந்த இடத்தை வெட்டிவிட்டால், ‘சுவிட்சை அணைத்ததும் கை வைக்கலாம்’ என்றுதான் பார்ப்பவர் மனதில் பதியும். எனவே, சக்கரம் நிஜமாக எவ்வளவு நேரம் சுற்றுகிறதோ, அவ்வளவு நேரமும் கேமரா அங்கேயே இருக்க வேண்டும். குரல் மௌனமாக இருக்கட்டும்.

தவறான செயலைக் காட்டி, மேலே சிவப்புக் குறி போடுவதையும் தவிர்க்கலாம். மொழி புரியாதவர் அதையே செய்முறை என்று எடுத்துக்கொள்ளக்கூடும். சரியானதை மட்டும் காட்டினால், அதே படத்துக்கு இந்தியிலும் ஒடியாவிலும் குரல் மாற்றிக்கொள்ளலாம்.

‘புரிந்ததா?’ என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள். மின்சாரம் துண்டித்த இயந்திரத்தின் முன் நிறுத்தி, ‘தகடு சிக்கிவிட்டது, எடுங்கள்’ என்று சொல்லிப் பாருங்கள். கை முதலில் எங்கே போகிறது? டையை நோக்கிப் போனால் வீடியோ தோற்றுவிட்டது. மூன்றாவது காட்சியிலிருந்து மறுபடி காட்ட வேண்டும்.

ஒன்று மட்டும். உற்பத்தி வேகத்துக்காக ஒரு பட்டனைக் கயிற்றால் கட்டி வைத்திருக்கும் பட்டறையில், முதல் காட்சியே பொய்யாகிவிடும். வீடியோவைப் போடும் முன் அந்தக் கட்டை அவிழ்த்துவிடுங்கள்!