வளையல் இறுகும்போது

குளித்துவிட்டு வந்து கண்ணாடி முன் நின்று ஒரு பெண் இடது கையில் வளையல் போடுகிறார். போன மாதம் வழுக்கிக்கொண்டு ஏறிய வளையல் இன்று பெருவிரல் மூட்டில் நின்றுவிடுகிறது. கொஞ்சம் சோப்பு தடவினால் ஏறிவிடும். ஆனால் அவருக்கு இடது மார்பில் புற்றுநோய் அறுவை சிகிச்சை நடந்து 14 மாதங்கள் ஆகின்றன என்றால், சோப்பைத் தேடுவதற்கு முன் அவர் தேட வேண்டியது தையல்காரரின் அளவு நாடாவை.

காலில் புண் வந்தால் தொடை இடுக்கில் 'நெறி கட்டிக்கொண்டது' என்கிறோமே, அந்த நெறிகள் அக்குளிலும் இருக்கின்றன. கையின் திசுக்களில் கசியும் நீரில் பெரும்பகுதி ரத்தக்குழாய்க்கே திரும்பிவிடும். மிஞ்சும் நீரும் அதிலுள்ள புரதமும் மெல்லிய நிணநீர்க் குழாய்கள் வழியாக இந்த நெறிகளைக் கடந்துதான் மேலே போகும். புற்றுநோய் பரவியிருக்கிறதா என்று பார்க்கவும், பரவியிருந்தால் நீக்கவும் மருத்துவர்கள் அக்குள் நெறிகளை எடுக்கிறார்கள். வடிகால் குறைந்த வயலைப் போலக் கையில் நீர் தேங்கத் தொடங்குவதே நிணநீர் வீக்கம். யானைக்கால் நோயில் புழு செய்யும் அடைப்பை இங்கே சிகிச்சையே செய்துவிடுகிறது.

எல்லோருக்கும் வருவதில்லை. அக்குள் நெறிகளை மொத்தமாக எடுத்தவர்களில் ஏறக்குறைய 5 பேரில் ஒருவருக்கு வருகிறது. முதல் ஓரிரு நெறிகளை மட்டும் எடுத்துச் சோதித்தவர்களில் அது 20 பேரில் ஒருவர் என்ற அளவுக்குக் குறைகிறது. அக்குளுக்குக் கதிர்வீச்சு கொடுத்திருந்தாலும், உடல் எடை மிக அதிகமாக இருந்தாலும் வாய்ப்பு கூடும். பெரும்பாலும் முதல் இரண்டு மூன்று ஆண்டுகளில் தலைகாட்டும். பத்து ஆண்டு கழித்து வருவதும் உண்டு.

ஆரம்பத்தில் இந்த வீக்கம் சாதுவானது. மாலையில் கை கனக்கும், ரவிக்கைக் கை பிடிக்கும், விரலால் அழுத்தினால் குழி விழும். இரவு தலையணை மேல் கையைத் தூக்கி வைத்துப் படுத்தால் காலையில் வடிந்திருக்கும். வடிந்துவிட்டதே என்று விட்டுவிடுவதுதான் இதில் நடக்கும் பெரிய தவறு. தேங்கிய புரதம் நாளடைவில் திசுவைத் தடிக்கச் செய்து இறுக்கிவிடும். அதன் பிறகு கையைத் தூக்கி வைத்தாலும் வீக்கம் முழுதாக இறங்காது. நீர் மாத்திரையும் இதற்குப் பலன் தராது: நீர் குறைந்தாலும் புரதம் அங்கேயே தங்கி மறுபடியும் நீரை இழுத்துக்கொள்ளும்.

அளவு நாடாவுக்கு வருவோம். முழங்கை மடிப்பிலிருந்து 10 செ.மீ. கீழே ஓர் இடம், 10 செ.மீ. மேலே ஓர் இடம், மணிக்கட்டு. இந்த மூன்று இடங்களிலும் இரு கைகளையும், அறுவைக்கு முன்பே ஒரு முறை, பிறகு மாதம் ஒரு முறை அளக்க வேண்டும். நாடா தோலைத் தொட்டால் போதும், இறுக்கக் கூடாது.

முன்பே ஏன்? வளையல் இறுகிய பெண் வலது கைப் பழக்கம் உள்ளவர் என்று வைத்துக்கொள்வோம். அறுவைக்கு முன் முன்கையில் வலது 24 செ.மீ., இடது 23.5. இப்போது வலது அதே 24, இடது 24.8. இன்று மட்டும் அளந்தவர் 'முக்கால் சென்டிமீட்டர்தானே வித்தியாசம்' என்பார். இரு கைகளுக்கும் 2 செ.மீ. வித்தியாசம் வந்தால்தான் வீக்கம் என்று வெகுகாலம் கணக்கு வைத்திருந்தார்கள். பழைய தாள் கையில் இருந்தால் கதை வேறு: சிறியதாக இருந்த இடது கை 1.3 செ.மீ. பருத்து, வலதைத் தாண்டிவிட்டது. மறு மாத அளவுக்குக் காத்திராமல் அந்த வாரமே மருத்துவரிடம் காட்ட வேண்டிய எண் அது. இந்தக் கட்டத்தில், சரியாக அளவெடுத்துத் தைத்த அழுத்தக் கையுறை பல பேருக்கு வீக்கத்தை அடக்கிவிடும். கடையில் வாங்கிய கிரேப் பேண்டேஜை மேலே இறுக்கமாகவும் கீழே தளர்வாகவும் சுற்றினால் வீக்கம் விரல்களுக்கு இறங்கும்.

தோலுக்கு இத்தனை காவல் ஏன் என்றால், கிருமியை எதிர்க்கும் வேலையும் அந்த நெறிகளுடையதுதான். அருவாமனையில் பட்ட சிறு கீறல், தாளிக்கும்போது தெறித்த எண்ணெய், நகக்கண்ணை வெட்டியதில் வந்த காயம், கொசுக்கடியைச் சொறிந்த புண் எதுவும் கிருமிக்கு வாசல்தான். ஒருமுறை தொற்று வந்து போனால் மிச்சமிருக்கும் நிணநீர்க் குழாய்களும் கெடும். அதனால் பாத்திரம் தேய்க்கவும் செடி நடவும் கையுறை, அக்குள் முடிக்குப் பிளேடுக்குப் பதில் மின் ரேசர், தோல் வெடிக்காமல் இருக்க தினமும் மணமில்லாத கிரீம். காயம் பட்டால் உடனே சோப்பு நீரில் கழுவிக் கிருமிநாசினி போட வேண்டும்.

ரத்த அழுத்தம் பார்ப்பது, ஊசி போடுவது பற்றிய பயம் மட்டும் கொஞ்சம் தளர்ந்திருக்கிறது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் 600க்கும் மேற்பட்ட பெண்களைத் தொடர்ந்து அளந்து 2016இல் வெளியிட்ட ஆய்வில், இவற்றுக்கும் கை பருப்பதற்கும் தொடர்பு தெரியவில்லை. தோல் தொற்றுக்குத் தொடர்பு தெரிந்தது. மறு கை இருக்கும்போது அதையே நீட்டலாம். அவசரத்தில் இந்தக் கையில் ஊசி ஏறிவிட்டதே என்று கலங்க வேண்டாம்.

'இனி இந்தக் கையால் எதையும் தூக்காதே' என்று வீட்டில் சொல்லும் அன்பான ஆலோசனைக்கும் இதே கதி. நிணநீரைத் தள்ள இதயம்போல் தனிப் பம்பு கிடையாது. தசை சுருங்கி விரிவது அந்த வேலையில் பெரும்பங்கு செய்கிறது. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் ஆய்வு ஒன்றில், அறுவை முடிந்த 154 பெண்களில் ஒரு பாதிப் பேர் வாரம் இரண்டு நாள், பயிற்சியாளரின் கண்காணிப்பில் தொடங்கி, மெல்ல மெல்ல எடை கூட்டித் தூக்கினார்கள். ஓர் ஆண்டு கழித்து அவர்களில் 11 சதவீதம் பேருக்கு வீக்கம். தூக்காதவர்களில் 17 சதவீதம். எடை தூக்கியதால் வீக்கம் கூடவில்லை என்பதே இதில் முக்கியம்.

தொடக்கம் இன்னும் எளிது. அறுவைக்கு மறுநாளே மருத்துவர் சொன்னபடி, கையைத் தலையணையில் இதயத்துக்கு மேலாக வைத்து, விரல்களை மூடித் திறப்பது, முழங்கையை மடக்கி நீட்டுவது, தோளைச் சுழற்றுவது; பத்துப் பத்து முறை. அக்குளில் வைத்த வடிகுழாயை எடுக்கும்வரை கை தோள் மட்டத்தைத் தாண்ட வேண்டாம். எடுத்தபின் சுவரைப் பார்த்து நின்று விரல்களால் படியேறுவதுபோல் மேலே நகர்த்தி, எட்டிய உயரத்தில் பென்சில் கோடு போடலாம். இழுவை தெரியும் இடத்தில் நின்றுகொள்ள வேண்டும். வலிவரை போகக் கூடாது. அக்குளிலிருந்து முழங்கைவரை கயிறுபோல் ஒன்று விறைத்துத் தெரிந்தால், அறுவைக்குப் பின் பலருக்கும் வருவதுதான். பயிற்சியாளரிடம் காட்டினால் போதும். அதை எண்ணெய் போட்டு அழுத்தி நீவ வேண்டாம்.

ஆனால் கை சிவந்து, சூடேறி, குளிரோடு காய்ச்சல் வந்தால் அது தொற்று. அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும், காலைவரை தள்ளக் கூடாது. ஒரே நாளில் கை முழுதும் வீங்கி நீலம் பாய்ந்தாலும் அப்படியே. அது ரத்தக்கட்டாக இருக்கலாம்.

அறுவைக்கு நாள் குறித்திருப்பவர்கள் இன்றே இரு கைகளையும் அளந்து, தேதி போட்டு, மருத்துவமனைக் கோப்பில் அந்தத் தாளையும் வைத்துக்கொள்ளுங்கள்.