சினம் கொண்ட கருத்துகள்: நெருக்கடியா, கூட்டுச் சாடலா?

2018ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம், மலேசியர்கள் பலரைக் கொதிப்படையச் செய்தது ஒரு தட்டு கோழி ரெண்டாங். பிரிட்டனின் ‘மாஸ்டர்செஃப்’ சமையல் போட்டியில் மலேசியாவில் பிறந்த ஒருவர் நாசி லெமாக்குடன் கோழி ரெண்டாங் சமைத்துப் பரிமாறினார். கோழியின் தோல் மொறுமொறுப்பாக இல்லை என்று நடுவர் ஒருவர் குறை கூறினார். போட்டியாளர் வெளியேற்றப்பட்டார். தேங்காய்ப்பாலில் நெடுநேரம் வேகும் ரெண்டாங் எப்படி மொறுமொறுப்பாக இருக்கும் என்று மலேசியா, சிங்கப்பூர், இந்தோனேசியா ஆகிய நாடுகளிலிருந்து கண்டனங்கள் குவிந்தன. அப்போதைய பிரதமர் நஜீப் ரசாக்கும், எதிரணியை வழிநடத்திய டாக்டர் மகாதீரும்கூடக் கருத்துரைத்தனர். அடுத்த மாதப் பொதுத்தேர்தலில் மோதவிருந்த இருவரும் இந்த ஒன்றில் மட்டும் ஒரே பக்கம் நின்றனர்!

தோலைப் பொரிக்க வேண்டும் என்று சொல்லவில்லை, அது சரியாக வேகவில்லை என்பதைத்தான் குறிப்பிட்டேன் என்று அந்த நடுவர் பின்னர் விளக்கினார். இதற்கிடையே சினம் நகைச்சுவையாக மாறியிருந்தது. பொரித்த கோழி விற்பவர்கள்கூட அதை வைத்து விளம்பரம் செய்தனர். விரைவிலேயே பேச்சு ஓய்ந்தது. நிகழ்ச்சியும் வழக்கம்போல் தொடர்ந்தது.

இப்படிப் பலர் ஒரே நேரத்தில் ஒருவரையோ ஒரு நிறுவனத்தையோ தாக்கி எழுதிவிட்டு, விரைவில் வேறு செய்திக்குத் தாவுவதைக் ‘கூட்டுச் சாடல்’ எனலாம். நெருக்கடி என்பது வேறு. அதில் உண்மையான பாதிப்பு இருக்கும்; நிறுவனம் தன் செயலை மாற்றிக்கொள்ளும்வரை அது தீராது. முதல் சில மணி நேரத்தில் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும் என்பதுதான் சிக்கல்.

ரெண்டாங் நிகழ்வுக்கு ஓராண்டுக்கு முன் நடந்த மற்றொரு நிகழ்வோடு இதை ஒப்பிட்டுப் பார்க்கலாம். 2017 ஏப்ரல் 9ஆம் நாள், அமெரிக்காவின் சிகாகோ நகரிலிருந்து லூயிவில் நகருக்குப் புறப்படவிருந்த யுனைடெட் ஏர்லைன்ஸ் விமானத்தில் பயணிகள் அனைவரும் அமர்ந்துவிட்டனர். பிறகுதான் நிறுவனம் விமானப் பணியாளர் நால்வருக்கு இடம் கேட்டது. 800 டாலர் மதிப்புள்ள பற்றுச்சீட்டுத் தருவதாகச் சொல்லியும் எவரும் இறங்க முன்வரவில்லை. நிறுவனமே நால்வரைத் தேர்ந்தெடுத்தது. அவர்களுள் ஒருவர் மறுத்தார். விமான நிலையப் பாதுகாவலர்கள் அவரை இருக்கையிலிருந்து பிடுங்கி, நடைபாதையில் இழுத்துச் சென்றனர். அவர் முகத்தில் இரத்தம் வழிந்தது. சக பயணிகள் அதைக் கைப்பேசியில் பதிவு செய்தனர்.

இங்கும் சினம் உலகெங்கும் பரவியது. ஆனால், அந்தச் சினத்தின் அடியில் இருந்தவை வேறு. ஒரு மனிதர் காயமடைந்திருந்தார். அதைப் பலர் நேரில் கண்டிருந்தனர். எழுதியவர்களில் பலர் விமானத்தில் பயணம் செய்பவர்கள். நாளை அந்த இருக்கையில் தாமும் இருக்கக்கூடும் என்று அவர்கள் எண்ணினர். அந்த எண்ணம் தவறன்று, ஏனெனில் அமர்ந்துவிட்ட பயணியை இறக்க இடமளித்த விதிமுறை அன்றும் நடைமுறையில் இருந்தது.

நிறுவனம் இதைப் புரிந்துகொள்ளத் தாமதித்தது. மறுநாள் வெளியான முதல் அறிக்கையில் தலைமை நிர்வாகி, பயணிகளுக்கு வேறு பயண ஏற்பாடு செய்ய நேர்ந்ததற்கு மட்டும் வருத்தம் தெரிவித்தார். ஊழியர்களுக்கு அவர் எழுதிய கடிதமோ அந்தப் பயணியையே குறை கூறியது. அந்தக் கடிதமும் வெளியே கசிந்தது. எரியும் நெருப்புக்கு நிறுவனமே புதிய விறகு கொடுத்தது போலாயிற்று. ஏப்ரல் 11ஆம் நாள்தான் முழுமையான மன்னிப்பு வந்தது. அம்மாத இறுதியில் அப்பயணியுடன் இழப்பீட்டு உடன்பாடு ஏற்பட்டது. அமர்ந்த பயணியை அவர் விருப்பமின்றி இறக்குவதில்லை என்று, பாதுகாப்புக் காரணங்கள் நீங்கலாக, விதியும் மாற்றப்பட்டது. மே மாதம் தலைமை நிர்வாகி அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் பதிலளிக்க வேண்டியதாயிற்று.

இரண்டையும் பிரித்துக் காட்டுவது கருத்துகளின் எண்ணிக்கை அன்று. யார் எழுதுகிறார்கள், உண்மையில் யாருக்கு என்ன நேர்ந்தது, சினம் திரையைவிட்டு வெளியே வருகிறதா என்பவைதாம். மக்கள் பணத்தைத் திரும்பக் கேட்பதும், அதிகாரிகள் விளக்கம் கேட்பதும், நேரில் கண்டவர்கள் புதிய சான்றோடு வருவதும் சினம் வெளியே வந்துவிட்டதன் அடையாளங்கள்.

இதை ஒரு சிறிய கடையில் எப்படிக் கணக்கிடுவது? கற்பனையாக ஒரு கேக் கடையை எடுத்துக்கொள்வோம். அக்கடை வெளியிட்ட தீபாவளி விளம்பரத்தில் தமிழ் எழுத்துகள் சிதைந்து, பொருளின்றி அச்சாகிவிட்டன. இரவு எட்டு மணிக்கு ஒருவர் அதைப் படம் பிடித்துப் பகிர்கிறார். மறுநாள் நண்பகலுக்குள் 600 கருத்துகள் சேர்ந்துவிடுகின்றன. கடைக்காரர் நடுங்கிப்போகிறார்.

முதலில் ஆள்களை எண்ண வேண்டும். 600 கருத்துகளையும் எழுதியவை 240 கணக்குகளே எனத் தெரியவருகிறது. ஒருவர் மட்டும் 31 முறை எழுதியிருக்கிறார். ஒரே வாக்கியத்தை நகலெடுத்து ஒட்டியவர்களும் பலர். அடுத்து, நேரத்தைப் பார்க்க வேண்டும். முதல் மூன்று மணி நேரத்தில் 420 கருத்துகள் வந்துள்ளன. மறுநாள் காலை முழுவதும் வந்தவை 40 மட்டுமே. ஒரே உச்சம், பிறகு இறக்கம். இது கூட்டுச் சாடலின் வழக்கமான வடிவம். இரண்டாம் நாள் மீண்டும் ஏறியிருந்தால், எங்கோ புதிய சான்று வெளிவந்திருக்கிறது அல்லது கடையின் பதிலே புண்படுத்தியிருக்கிறது என்று கொள்ள வேண்டும்.

விரைவில் ஓய்வதால் அந்தச் சினம் நியாயமற்றது என்றாகிவிடாது. தமிழைச் சிதைத்தது கடையின் தவறுதான். விளம்பரத்தை மாற்றி, இரண்டு வரியில் மன்னிப்புக் கேட்டால் அது முடிந்துவிடும். கருத்துகளை அழிப்பதும், ஒவ்வொருவருக்கும் எதிர்வாதம் எழுதுவதும்தான் அதை நீட்டிக்கும்.

மூன்றாவதாக, 240 பேரில் அக்கடையில் உண்மையாகவே கேக் வாங்கியவர்கள் யார் என்று தேட வேண்டும். இதுதான் பொறுமை வேண்டிய வேலை. கடைக்காரருக்கு ஒன்பது பேர் கிடைக்கின்றனர். அவர்களில் ஆறு பேர் விளம்பரத்தைப் பற்றியே எழுதியிருக்கின்றனர். மற்ற மூவரும் எழுத்துப்பிழையைப் பற்றிப் பேசவே இல்லை. சனிக்கிழமை வாங்கிய கேக் புளித்த வாடை அடித்ததாக இருவரும், அதைத் தின்ற பிள்ளைக்கு வயிற்றுவலி வந்ததாக ஒருவரும் எழுதியுள்ளனர். அந்தக் கருத்துகளுக்கு ஒரு விருப்பக்குறிகூட விழவில்லை. நூற்றுக்கணக்கான வசைகளுக்கு அடியில் அவை புதைந்து கிடந்தன.

மூவரும் ஒரே நாளில் வாங்கியிருக்கின்றனர், ஒருவரையொருவர் அறியாதவர்கள், சொல்லும் குறையும் ஒத்துப்போகிறது. கடைக்காரர் விளம்பரத்தை மாற்றும் வேலையைப் பணியாளரிடம் ஒப்படைத்துவிட்டு, சனிக்கிழமைத் தயாரிப்பில் மீதமிருந்த கேக்குகளை அலமாரியிலிருந்து எடுக்கிறார். பாலேட்டின் காலாவதித் தேதியையும் குளிர்பெட்டியின் வெப்பநிலையையும் சோதிக்கிறார். பிறகு, அந்த மூன்று வாடிக்கையாளர்களையும் தொலைபேசியில் அழைக்கத் தொடங்குகிறார். முதலில், வயிற்றுவலி வந்த பிள்ளையின் வீட்டுக்கு.