வெள்ளை தெரியாத சி.டி. படம்

மருத்துவக் கல்லூரித் தேர்வுகளில் 'ஸ்பாட்டர்' என்று ஒன்று உண்டு. மேசையில் ஒரு படம் இருக்கும், பக்கத்தில் நோயாளியைப் பற்றி இரண்டு வரி. சில நிமிடங்களில் என்ன நோய் என்று எழுத வேண்டும். அங்கே அடிக்கடி வருவது தலை சி.டி. கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: மூளைக்குள் ரத்தம் கசிந்திருக்கிறதா, ரத்தம் போகாமல் ஒரு பகுதி செத்திருக்கிறதா? வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் பக்கவாதம்தான். கை கால் இழுத்துக்கொள்கிறது, வாய் கோணுகிறது. ஆனால் ஒன்றுக்குக் கொடுக்கும் மருந்து மற்றதில் ஆளையே கொன்றுவிடும். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை ரத்தம் கசிந்த மூளைக்குப் போட முடியுமா?

படத்தில் எது கறுப்பு, எது வெள்ளை என்பதிலிருந்து தொடங்குவோம். எக்ஸ் கதிரை ஒவ்வொரு பொருளும் எவ்வளவு தடுக்கிறது என்பதற்கு ஓர் எண் உண்டு. 1971 அக்டோபரில் லண்டன் அட்கின்சன் மோர்லி மருத்துவமனையில் முதல் நோயாளியின் தலையைப் படமெடுத்த கருவியை உருவாக்கியவர் காட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்ட். அந்த அளவுகோலுக்கு அவர் பெயர்தான். தண்ணீர் 0, காற்று மைனஸ் 1000, எலும்பு ஆயிரத்தை ஒட்டி. மூளையைச் சுற்றியுள்ள நீர் பூஜ்யத்துக்குச் சற்று மேலே இருப்பதால் கறுப்பாகத் தெரியும். மூளையின் உள்ளே இருக்கும் வெண்பொருள் 20 முதல் 30, மேலுறையான சாம்பல் பொருள் 35 முதல் 45. புதிதாக உறைந்த ரத்தம் 60, 70 என்று ஏறி நிற்கும். அதனால் புது ரத்தம் சாம்பல் நிறத் திரையில் பளிச்சென்று வெள்ளையாக விழும்.

ஆகவே முதல் பார்வை வெள்ளைக்கு. மூளைக்குள்ளேயே வெள்ளைத் திட்டு இருந்தால், அது எங்கே என்று பார்க்க வேண்டும். நெடுங்காலம் ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு நடுப்பகுதியில், புட்டமென், தலாமஸ் என்ற இடங்களில் கசிவது வழக்கம். மண்டை ஓட்டை ஒட்டி இருந்தால் வடிவம் பேசும். எலும்பின் இணைப்புக் கோடுகளைத் தாண்டாமல் உள்நோக்கி உப்பி நிற்பது எக்ஸ்ட்ராடியூரல், கோடுகளைத் தாண்டிப் பிறையாகப் பரவுவது சப்டியூரல். அடுத்து, மூளையின் அடியில் உள்ள நீர்த்தொட்டிகளான சிஸ்டர்ன்கள். அவை கறுப்பாக இருக்க வேண்டும். வெள்ளையாக இருந்தால் ரத்தநாள வீக்கம் வெடித்திருக்கலாம். 'திடீரென்று வந்த கடுமையான தலைவலி' என்று குறிப்பில் பார்த்ததும் கண் நேரே அங்கே போக வேண்டும்.

எல்லா வெள்ளையும் ரத்தம் அல்ல. நடுவில் பினியல் சுரப்பி, நீரறைகளுக்குள் கோராய்டு முடிச்சுகள் இரண்டும் வயதானால் சுண்ணாம்பேறி வெள்ளையாகிவிடும். கோராய்டு இரண்டு பக்கமும் ஒன்றுபோல் இருக்கும், பினியல் சரியாக நடுக்கோட்டில் நிற்கும். அளந்தால் எண் பெரும்பாலும் நூற்றைத் தாண்டும். தேர்வில் இதைக் காட்டி ஏமாற்றுவதில் சில ஆசிரியர்களுக்குத் தனி இன்பம்.

இதுவரை எளிது. வெள்ளையே இல்லாத படத்தில்தான் பலரும் 'நார்மல்' என்று எழுதிவிட்டுப் போகிறார்கள். ஒரு கேள்வியை எடுத்துக்கொள்வோம். 62 வயது ஆண், பேச்சு வரவில்லை, வலது கையும் காலும் தூக்க முடியவில்லை, தொடங்கி மூன்று மணி நேரம். படம்: பிளெயின் சி.டி., அதாவது கான்ட்ராஸ்ட் மருந்து செலுத்தாமல் எடுத்தது.

படத்தைத் தொடுவதற்கு முன்பே குறிப்பு பாதி விடையைத் தந்துவிடுகிறது. வலது பக்கம் செயலிழந்து பேச்சும் போயிருந்தால், பழுது இடது மூளையில், நடுமூளைத் தமனி பாயும் பகுதியில் இருக்கும். சி.டி.யில் நாம் நோயாளியின் காலடியிலிருந்து பார்ப்பதால், அவருடைய இடது நமக்கு வலது. இதை மறந்தவர்கள் சரியான நோயைத் தவறான பக்கத்தில் எழுதி மதிப்பெண்ணை இழப்பார்கள்.

இனி வலப்புறத்தையும் இடப்புறத்தையும் மாறி மாறிப் பார்க்க வேண்டும். முதலில் இன்சுலா. மூளையின் பக்கவாட்டு மடிப்புக்குள் ஒளிந்திருக்கும் இந்தச் சாம்பல் பட்டை, நல்ல பக்கத்தில் மெல்லிய நாடாவாகத் தனித்துத் தெரிகிறது. நோயாளியின் இடது பக்கத்தில் அந்த நாடா இல்லை, பக்கத்து வெண்பொருளோடு கலந்து மங்கியிருக்கிறது. அதற்கு உட்புறமாக உள்ள லென்டிஃபார்ம் என்ற சாம்பல் முடிச்சும் விளிம்பிழந்திருக்கிறது. மேலே வந்தால், அந்தப் பக்கத்து மடிப்புகளின் இடையில் இருக்க வேண்டிய கறுப்புக் கோடுகள் அழுந்திப் போயிருக்கின்றன. கீழ் வெட்டில், தமனி ஓடும் இடத்தில் சிறிய வெள்ளைக் கோடு. ரத்தக்கட்டி அடைத்த தமனி அப்படித்தான் தெரியும். இது ஒன்றுதான் படத்திலுள்ள வெள்ளை, ஆனால் கசிவின் வெள்ளை அல்ல. எதிர்ப்பக்கத்துத் தமனியும் அதே அளவு வெள்ளையாக இருந்தால் அதை அடைப்பு என்று எழுதிவிடக் கூடாது.

ஏன் விளிம்பு மறைகிறது? ரத்தம் நின்றதும் செல்கள் நீரை உறிஞ்சிக்கொள்கின்றன. திசுவில் நீர் ஒரு சதவீதம் கூடினால் எண் இரண்டு மூன்று அலகு இறங்கும். சாம்பலுக்கும் வெண்பொருளுக்கும் இடையே வித்தியாசமே பத்து அலகுக்குள்தான், அதனால் சிறு இறக்கமே எல்லைக்கோட்டைக் கரைத்துவிடுகிறது. வழக்கமான மூளை அமைப்பில் 0 முதல் 80 வரையுள்ள எண்களைக் கறுப்பிலிருந்து வெள்ளை வரை பரப்பிக் காட்டுவார்கள். அதை 20 முதல் 60 வரை என்று குறுக்கினால் இரண்டு மூன்று அலகு வித்தியாசமும் கண்ணுக்குப் படும். கணினியில் வைத்துப் பார்க்கும் தேர்வு என்றால் இதைச் செய்யாமல் பதில் எழுதக் கூடாது. அச்சுப் படத்தில் அந்த வசதி இல்லை, கண்தான் உழைக்க வேண்டும்.

விடையை இப்படி எழுதலாம்: 'பிளெயின் சி.டி., ரத்தக்கசிவு இல்லை. இடது இன்சுலா நாடா மறைவு, லென்டிஃபார்ம் மங்கல், மடிப்புகள் அழுத்தம், இடது நடுமூளைத் தமனி அடர்த்தி. இடது நடுமூளைத் தமனிப் பகுதியில் புதிய அடைப்பு.' அடுத்த கேள்வி என்ன சிகிச்சை என்று வந்தால், நான்கரை மணி நேரத்துக்குள் இருப்பதால் தடைகள் ஏதுமில்லையென்றால் கட்டி கரைக்கும் மருந்து, கூடவே சி.டி. ஆஞ்சியோகிராம் எடுத்துப் பெரிய தமனியில் அடைப்பா என்று பார்க்க வேண்டும்.

ஒரு நாள் கழித்து எடுத்த படத்தில் அதே பகுதி தெளிவான கறுப்பாக, ஒரு தமனி பாயும் பரப்பை அப்படியே நிறைத்து, மேலுறை வரை வரும். கட்டியைச் சுற்றிய வீக்கமும் கறுப்புதான். ஆனால் அது வெண்பொருளில் விரல்களாக ஓடும், மேலுறைச் சாம்பலைப் பெரும்பாலும் விட்டுவிடும். மேலுறையும் சேர்ந்து கறுத்திருந்தால் அடைப்பு என்றே முதலில் எண்ண வேண்டும்.

முதல் சில மணி நேரத்தில் எடுத்த படத்தில் இந்த மங்கல்கூட இல்லாமல் போகலாம். மூளைத்தண்டில் ஏற்படும் அடைப்பு, சுற்றிலும் உள்ள தடித்த எலும்பு படத்தில் கோடுகள் போடுவதால் எளிதில் மறைந்துவிடும். அதனால் இப்படியும் கேட்பார்கள்: திடீரென்று ஒரு பக்கம் செயலிழந்த நோயாளி, சி.டி. நார்மல், என்ன நோய்? விடை, அடைப்பு. கசிவு இருந்திருந்தால் படத்தில் வெள்ளை தெரிந்திருக்கும். ரத்தச் சர்க்கரை குறைந்தாலும், வலிப்பு வந்து போனாலும் கை கால் தற்காலிகமாக விழலாம். அதனால் விரலில் குத்திச் சர்க்கரையைப் பார்த்ததையும் சேர்த்து எழுதினால் தேர்வாளர் பேசாமல் அடுத்த மேசைக்கு அனுப்பிவிடுவார்.