வராத வட்டிக்குப் போன வரி

வைப்புத்தொகையை முதிர்வுக்கு முன்பே முடித்தவர்கள் வங்கிக்கு எழுதும் கடிதம் பெரும்பாலும் ஒரே வரிதான். 'என் டெபாசிட்டுக்கான வட்டிச் சான்றிதழும் டி.டி.எஸ். விவரமும் தரவும்.' வங்கியும் ஒரு தாளை அச்சிட்டுத் தந்துவிடும். அந்தத் தாளில் உள்ள வட்டி ஒன்று, கைக்கு வந்து சேர்ந்த வட்டி இன்னொன்று, வருமான வரித் துறையின் பதிவில் தெரிவது வேறொன்று என்று மூன்றும் மூன்று விதமாக இருக்கும். இதில் யாரும் ஏமாற்றியிருக்க மாட்டார்கள். முடித்த டெபாசிட்டில் வட்டி பின்னோக்கிப் பயணம் செய்கிறது, வரி முன்னோக்கி மட்டுமே போகிறது. குழப்பம் அங்கேதான் பிறக்கிறது.

ஒரு கணக்கைப் போட்டே பார்க்கலாம். ஒருவர் 2023 ஏப்ரல் 1 அன்று பத்து லட்சம் ரூபாயை மூன்று ஆண்டுக்குப் போடுகிறார். வட்டி 7 சதவீதம்; இடையில் வாங்காமல் அசலோடு சேர்ந்துகொண்டே போகும் வகை. இவ்வகை டெபாசிட்டுக்கு நம் வங்கிகள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வட்டியை அசலில் ஏற்றுகின்றன. ஆண்டுக்கு 7 என்றால் காலாண்டுக்கு 1.75 சதவீதம். ஜூன் முடிவில் 17,500 ரூபாய் ஏற வேண்டும்.

ஆனால் முழுதாக ஏறாது. அப்போதைய வருமான வரிச் சட்டத்தின் 194ஏ பிரிவின்படி, வட்டியைப் பணமாகத் தரும்போதோ கணக்கில் வரவு வைக்கும்போதோ, இரண்டில் எது முந்துகிறதோ அப்போதே வங்கி 10 சதவீதத்தைப் பிடித்து அரசுக்குக் கட்டிவிட வேண்டும். அந்த ஆண்டு 40,000 ரூபாய்க்கு மேல் வட்டி வருபவர்களுக்கு இது பொருந்தியது. மூத்த குடிமக்களுக்கு வரம்பு 50,000. (2025 ஏப்ரல் முதல் இவை 50,000 ஆகவும் ஒரு லட்சமாகவும் உயர்ந்தன.) வங்கி அந்த வட்டியை வாடிக்கையாளர் பெயரில் எழுதாமல் 'செலுத்த வேண்டிய வட்டி' என்று வேறு தலைப்பில் எழுதி வைத்தாலும், வரவு வைத்ததாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும். கையில் காசு வந்ததா என்பது கேள்வியே அல்ல.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. வங்கிகள் கோர் பேங்கிங் மென்பொருளுக்கு மாறிய பிறகு, ஒவ்வொரு டெபாசிட்டுக்கும் உள்ள வட்டியைக் கணினி தினமும் கணக்கிட்டு ஒதுக்கத் தொடங்கியது. அப்படியானால் தினமும் வரி பிடிக்க வேண்டுமா? 2010 மார்ச்சில் மத்திய நேரடி வரிகள் வாரியம் ஒரு சுற்றறிக்கை போட்டு இதைத் தெளிவாக்க வேண்டியிருந்தது. வங்கி தன் உள்கண்காணிப்புக்காகச் செய்யும் அந்த ஒதுக்கீட்டுக்கு வரி பிடிக்கத் தேவையில்லை. வாடிக்கையாளர் கணக்கில் வட்டியை ஏற்றும்போது பிடித்தால் போதும் என்றது.

சரி, 17,500-இல் 1,750 போய்விட்டது. 15,750 ரூபாய்தான் அசலில் ஏறியது. அடுத்த காலாண்டு வட்டி இந்தக் குறைந்த தொகைக்குத்தான். இப்படியே நான்கு காலாண்டும் ஓடி, 2024 மார்ச் 31 அன்று ஆண்டு முடிகிறபோது வட்டி 71,671 ரூபாய், பிடித்த வரி 7,167 ரூபாய். வரியே பிடிக்காமல் இருந்திருந்தால் வட்டி 71,859 ஆகியிருக்கும். பிடித்த வரிமேல் வட்டி வராததால் இழந்தது 188 ரூபாய். டெபாசிட் ரசீதில் அச்சிட்ட முதிர்வுத் தொகை கடைசியில் அப்படியே வராததற்கு இதுவும் ஒரு காரணம்.

ஏப்ரல் முதல் ஜூன் 2024 வரையிலான காலாண்டுக்கு இன்னொரு 18,629 ரூபாய் வட்டி ஏறி, 1,863 ரூபாய் வரி போனது. ஆக ஏறிய வட்டி 90,300, போன வரி 9,030. ஜூலை 1 அன்று, வீட்டுக்கு முன்பணம் கொடுக்க வேண்டி, அவர் டெபாசிட்டை முடிக்கிறார்.

இப்போதுதான் கணக்கு பின்னால் திரும்புகிறது. மூன்று ஆண்டு இருப்பதாகச் சொன்னதற்குத்தான் 7 சதவீதம். இருந்தது 15 மாதம். டெபாசிட் போட்ட நாளில் 15 மாதத்துக்கு அந்த வங்கி தந்த வட்டி 6.5 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். முன்கூட்டியே முடித்ததற்கான அபராதமாக அதில் ஒரு சதவீதம் கழிகிறது. மிஞ்சுவது 5.5. இந்தக் குறைந்த வட்டி முடித்த நாளிலிருந்து அல்ல, போட்ட முதல் நாளிலிருந்தே பொருந்தும். 15 மாதத்தையும் 5.5 சதவீதத்தில் திரும்பப் போட்டால் அவருக்கு உரிய மொத்த வட்டி ஏறக்குறைய 70,420 ரூபாய்தான்.

முதல் ஆண்டுக்கு மட்டும் வங்கி ஏற்கெனவே எழுதிவிட்ட வட்டி 71,671. பன்னிரண்டு மாத வட்டியைவிடப் பதினைந்து மாத வட்டி குறைவு! அப்படியானால் 2024-25 நிதியாண்டில் இந்த டெபாசிட்டின் உண்மையான வட்டி, சுழியம்கூட இல்லை, கழித்தல் 1,251 ரூபாய். ஆனால் அதே ஆண்டின் முதல் காலாண்டில் 18,629 ரூபாய் வட்டிக்கு 1,863 ரூபாய் வரி பிடித்துக் கட்டியாகிவிட்டது. அதிகமாக ஏற்றிய வட்டியான 19,880 ரூபாயை வங்கி முடிக்கும்போது கழித்துக்கொள்கிறது. அதற்குப் பிடித்த வரியைத் திருப்பித் தருவதில்லை. அது பான் எண்ணில் அரசிடம் போய்ச் சேர்ந்த பணம். வருமான வரிக் கணக்கில் காட்டித்தான் மீட்க வேண்டும்.

இந்த நிலையில் வட்டிச் சான்றிதழ் என்ன சொல்லும்? அது வங்கியின் மென்பொருள் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்பதைப் பொறுத்தது. 2024-25-க்கு 18,629 என்று காட்டலாம். சுழியம் என்று காட்டலாம். முடித்த டெபாசிட்டையே பட்டியலில் சேர்க்காமல் விட்டுவிடலாம். நெட் பேங்கிங்கில் பல நேரம் நடப்பது இதுதான். சான்றிதழ் வங்கி தன் வசதிக்குத் தரும் தாள். படிவம் 16ஏ அப்படியல்ல. வங்கி ஒவ்வொரு காலாண்டும் 26க்யூ என்ற அறிக்கையை வரித் துறைக்குத் தாக்கல் செய்து, துறையின் டிரேசஸ் தளத்திலிருந்து இறக்கித் தர வேண்டிய சட்டபூர்வ ஆவணம் அது. அந்த அறிக்கையில் சொன்னதே உங்கள் 26ஏஎஸ் பதிவிலும் தெரியும். அங்கே ஜூன் காலாண்டுக்கு எதிரே 18,629 என்றுதான் இருக்கும், வங்கி திருத்த அறிக்கை தாக்கல் செய்யாதவரை.

ஆகவே ஒற்றை வரிக் கடிதம் போதாது. 'சான்றிதழ் வேண்டும்' என்று கேட்டால் சான்றிதழ்தான் வரும். வேண்டியது கணக்கின் கதை. நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

'கிளை மேலாளர் அவர்களுக்கு, வணக்கம். தங்கள் கிளையில் 1.4.2023 அன்று ரூ.10,00,000-க்குத் தொடங்கிய என் வைப்புத்தொகைக் கணக்கு (ரசீது எண், வாடிக்கையாளர் எண் கீழே) 1.7.2024 அன்று முன்கூட்டியே முடிக்கப்பட்டது. வருமான வரிக் கணக்குக்காகப் பின்வரும் விவரங்களை எழுத்தில் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். 2023-24, 2024-25 ஆகிய நிதியாண்டுகளுக்குத் தனித்தனியாக, ஒவ்வொரு காலாண்டிலும் வரவு வைத்த வட்டியும் அதில் பிடித்த வரியும். முடிக்கும்போது பொருத்திய வட்டி விகிதம், அபராத விகிதம், அதன்படி எனக்கு உரிய மொத்த வட்டி. ஏற்கெனவே ஏற்றிய வட்டியில் திரும்பக் கழித்த தொகையும், அது எந்த ஆண்டின் வட்டியில் கழிக்கப்பட்டது என்பதும். வரி பிடித்த அலுவலகத்தின் டான் எண். வரி பிடித்த எல்லாக் காலாண்டுகளுக்கும் படிவம் 16ஏ. கழித்த வட்டிக்கு ஏற்ப 26க்யூ அறிக்கையில் திருத்தம் தாக்கல் செய்யப்பட்டதா, செய்யப்படுமா என்ற தகவல்.'

இதில் உயிரான கேள்வி, திரும்பக் கழித்த தொகையைப் பற்றியது. மற்றவற்றை எப்படியாவது தேடி எடுத்துவிடலாம். இதை வங்கி சொன்னால்தான் உண்டு. டான் எண்ணைக் கேட்பதற்கும் காரணம் இருக்கிறது. நீங்கள் பணம் போட்டது உள்ளூர்க் கிளையில் என்றாலும், வரி வேறோர் ஊரில் உள்ள மைய அலுவலகத்தின் டான் எண்ணில் கட்டப்பட்டிருக்கலாம். 26ஏஎஸ்-இல் தெரியாத ஊர்ப் பெயரைப் பார்த்து, இது நம்முடையது அல்ல என்று விட்டுவிடுபவர்கள் உண்டு. கடிதத்தை நேரில் கொடுத்தால் நகலில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ள வேண்டும். முறையான புகாராகக் கொடுத்தும் 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் நிறைவளிக்காவிட்டாலோதான் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போக முடியும். அந்த முப்பது நாளை எண்ணத் தொடங்குவது புகாரில் முத்திரையிட்ட தேதியிலிருந்து.

பதில் வந்ததும் முதலில் ஒரு சோதனை. அசலோடு உரிய வட்டியைக் கூட்டி, பிடித்த வரியைக் கழித்தால், சேமிப்புக் கணக்கில் வந்த தொகை அப்படியே வர வேண்டும். நம் கணக்கில் 10,00,000 உடன் 70,420-ஐக் கூட்டி 9,030-ஐக் கழித்தால் 10,61,390. ஓரிரு ரூபாய் வித்தியாசம் முழுமையாக்குவதில் வருவது. ஆயிரக்கணக்கில் இடித்தால், ஏதோ ஒரு காலாண்டின் வரி விவரத்தில் விடுபட்டிருக்கிறது, அல்லது சொன்ன அபராதம் ஒன்று, எடுத்தது வேறு. அடுத்து, வங்கி தந்த காலாண்டு விவரத்தில் உள்ள வரியைப் பத்தால் பெருக்கினால் அதில் காட்டிய வட்டி வர வேண்டும். ஐந்தால் பெருக்கினால்தான் வருகிறது என்றால், உங்கள் பான் எண் வங்கியில் சரியாகப் பதிவாகாமல் இருக்கலாம். பான் இல்லாதவர்களுக்கு 20 சதவீதம் பிடிப்பார்கள். அப்படிப் பிடித்தது உங்கள் 26ஏஎஸ்-இல் தெரியாமலும் போகலாம்.

பிறகு வருவதுதான் சங்கடமான பகுதி. வட்டியைக் கையில் வாங்கும் ஆண்டில்தான் வருமானமாகக் காட்டுவது என்ற முறையை ஒருவர் தொடர்ந்து பின்பற்றி வந்தால், அவருக்கு வேலை எளிது. 70,420 முழுவதும் 2024-25-இன் வருமானம். முதல் ஆண்டில் பிடித்த 7,167-ஐ அந்த ஆண்டில் கோராமல் முன்கொண்டு வந்து, 1,863-உடன் சேர்த்துக் கோரலாம். வருமானம் எந்த ஆண்டில் காட்டப்படுகிறதோ பிடித்த வரிக்கான வரவும் அந்த ஆண்டில் என்பதுதான் 37பிஏ விதி. ஆண்டுதோறும் ஏறிய வட்டியைக் காட்டுபவருக்கு முதல் ஆண்டில் 71,671 காட்டியாகிவிட்டது, அடுத்த ஆண்டில் காட்ட வட்டியே இல்லை, ஆனால் 1,863 ரூபாய் வரி மட்டும் இருக்கிறது. வட்டியைக் காட்டாமல் அதற்குப் பிடித்த வரியை மட்டும் கேட்டால் கணினி பொருத்தமின்மை என்று நிறுத்திவிடலாம். 18,629-ஐ வருமானமாகக் காட்டிவிட்டுப் பேசாமல் இருப்பவர்களும் உண்டு. வராத வட்டிக்கு வரி கட்டுவது என்றால் அதுதான். வங்கி திருத்த அறிக்கை தாக்கல் செய்தால் பதிவே சரியாகும். செய்ய மறுத்தால், ஆண்டுத் தகவல் அறிக்கையான ஏ.ஐ.எஸ்.-இல் அந்த வட்டிப் பதிவுக்கு எதிரே 'தகவல் முழுமையாகச் சரியல்ல' என்று மறுமொழி பதிந்து சரியான தொகையைக் கொடுக்கலாம். துறை அதை வங்கிக்கு அனுப்பி உறுதி கேட்கலாம். வங்கி வேறு மாதிரிச் சொன்னாலோ, விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தாலோ, எடுத்து நீட்ட உங்களிடம் இருக்கும் ஒரே சான்று, திரும்பக் கழித்த தொகை இவ்வளவு என்று கிளை கையெழுத்திட்டுத் தந்த அந்தப் பதில்தான்.