மணமும் அளவும்

பழந்தமிழில் 'நாற்றம்' என்னும் சொல் நறுமணத்தையும் குறித்து வழங்கிற்று. இன்று அச்சொல்லைக் கேட்ட அளவிலே மூக்கைப் பொத்துகின்றோம். சொல்லொன்று இவ்வாறு இழிபொருள் எய்துதற்குப் பல நூற்றாண்டுகள் சென்றன. எங்கள் வகுப்பறைகளிலோ, காலை ஏழரை மணிக்கு நறுமணமாய் நுழைவது எட்டு மணிக்கு முன்னரே நாற்றமாய் முடிதலைக் காண்கின்றோம். பிள்ளைகள் 'பொடி ஸ்பிரே' என வழங்கும் மெய்த்தெளிப்பே இதனைச் செய்வது. ஈண்டுப் 'பொடி' என்றது தூளை அன்று. உடம்பு என்னும் பொருள்படும் ஆங்கிலச் சொல்லை நம்மவர் ஒலிக்கும் முறை அது.

பதின்மூன்று பதினான்கு வயதில் மகனோ மகளோ இப்பொருளைக் கேட்டால் அதனை வீண் ஆசை என்று தள்ளுதல் தகாது. அப்பருவத்திலேதான் அக்குளிலுள்ள ஒருவகை வியர்வைச் சுரப்பிகள் தொழிற்படத் தொடங்குகின்றன. அவை சுரக்கும் நீர் தானாக மணப்பதில்லை. தோலின்மேல் வாழும் நுண்ணுயிர்கள் அதனைச் சிதைக்கும்போதே வாடை எழுகின்றது. எனவே வாடையை நீக்கும் முதல் மருந்து சவர்க்காரமும் நீருமே. நேற்று உடுத்த சட்டையின் அக்குட்பகுதியில் பழைய வாடை தங்கியிருக்கும். பருத்தியினும் செயற்கை நூலாடை அதனை மிகுதியாகப் பற்றிக்கொள்ளும். அத்தகைய சட்டையின்மேல் மணத்தைத் தெளித்தால் வாடை மறைவதில்லை. இரண்டுங் கலந்து மூன்றாவதொன்று பிறக்கும்.

கடைத்தட்டில் ஒருங்கு நிற்கும் பொருள்கள் ஒருதன்மையன அல்ல. வியர்வையைக் குறைப்பது ஒன்று. அதில் அலுமினிய உப்புகள் உள. வியர்வையைத் தடாது நுண்ணுயிர்களை அடக்கி வாடையைக் குறைப்பது மற்றொன்று. இவ்விரண்டும் பெரும்பாலும் 'ரோல்-ஒன்' என்னும் உருளைப்பூச்சாகவும் கிடைக்கும். மூன்றாவதாகிய மெய்த்தெளிப்போ பெரும்பாலும் மதுசாரத்திற் கரைத்த மணப்பொருள். மணத்தைக் கூட்டுவதே அதன் முதன்மைத் தொழில். ஆதலின் அக்குள் வாடைக்கு உருளைப்பூச்சும், விரும்பினால் மணத்திற்குச் சிறிது தெளிப்பும் எனப் பிரித்துக்கொள்ளுதல் நன்று. முதலாவதன் வேலையை மூன்றாவதிடம் ஒப்படைப்பதனாலேயே அளவு மிகுகின்றது.

தெரிவு செய்யும்போது மூடியை முகர்ந்து முடிவு செய்தல் கூடாது. தெளித்தவுடன் எழுவது மதுசாரமும், எலுமிச்சை போன்ற இலேசான மணங்களுமே. அவை விரைவிற் பறந்துவிடும். பின்னர் நிற்கும் சந்தனம், கத்தூரி, வனிலா போன்ற கனத்த மணங்களே வகுப்பிற் பிள்ளையோடு இருக்கப்போகின்றன. ஆகவே மாதிரிக் குப்பி இருப்பின் முன்கையின் உட்புறத்தில் ஒருமுறை தெளித்து, வெளியே சென்று, ஒருமணி நேரங் கழித்து முகர்ந்து பார்த்தல் வேண்டும். அவ்விடத்தை மறுநாள் வரை கவனிப்பதும் நன்று. சிவப்போ கடியோ தோன்றின் அப்பொருள் அப்பிள்ளைக்கு ஆகாது. எமது வெப்ப நாட்டில் மணம் விரைந்து பரவும் ஆதலின், பள்ளிக்கு இலேசானதே ஏற்றது.

இனி, அளவு பற்றிய இடர்ப்பாடு. ஒரே மணத்தை இடைவிடாது நுகரும் மூக்கு சில நிமிடங்களில் அதனை உணர்தல் குறைந்துவிடும். மல்லிகை விற்பவர் தம் கூடையின் மணத்தை உணராமை இதனாலேயே. தெளித்த பிள்ளை மணம் போய்விட்டது என்று கருதி மீண்டும் தெளிப்பான். அருகிருப்போர் மூக்கிலோ அது போகவில்லை. இஃது ஆணவமன்று, மூக்கின் இயல்பு. ஆனால் தன் மூக்கைத் தானே நடுவராக வைத்துக்கொள்ளல் ஆகாது என்பது இதனாற் பெறப்படும்.

ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் செய்தி இதற்குச் சான்று. அவன் அமர்ந்த வாங்கில் இருந்தவர் இருவரும் யன்னற்பக்கம் நகர்ந்தனர். ஒருவன் நெற்றியைப் பிடித்துக்கொண்டான். அவனைத் தனியே அழைத்து வினவினேன். "ஐயா, வீட்டிலையிருந்து வெளிக்கிடேக்கை நல்லா மணந்தது. இப்ப ஒண்டும் மணக்கேல்லை. அதுதான் இடைவேளைக்கு இன்னும் இரண்டு தரம் அடிச்சனான்" என்றான். காலையில் எத்தனை முறை என்றேன். அக்குள்களில் நான்கு, நெஞ்சில் இரண்டு, சட்டையில் ஒன்று, ஆக ஏழு. இடைவேளையோடு ஒன்பது. அவனுடைய குப்பியோ வாயு இல்லாதது. வாயுவால் வெளிவரும் வகையில் ஒவ்வொரு தெளிப்பிலும் ஒருபகுதி வாயுவாகவே போய்விடும். வாயு இல்லாத வகையில் வெளிவருவது முழுவதும் மணநீரே. தமையனுடைய வாயுக்குப்பியிற் கற்ற கணக்கை இதற்கும் அவன் வைத்துக்கொண்டான்.

அவனுக்குச் சொன்ன முறை இது. குளித்து, அக்குளை நன்கு துடைத்து உலரவிட்டு, உருளைப்பூச்சை அங்கே இடுக. பின்னர் யன்னலைத் திறந்து, மூச்சை அடக்கி, ஒரு சாண் தொலைவிலிருந்து வெற்று நெஞ்சில் இரண்டே முறை தெளிக்க. வாயுவகையாயின் ஒரு நொடிப்பொழுது போதும். ஈரம் காய்ந்தபின் தோய்த்த சட்டையை அணிக. சட்டையின்மேல் தெளித்தால் மணம் வெளியே நிற்பதோடு வெள்ளைத் துணியிற் கறையும் படலாம். முகத்திலும், சவரஞ் செய்த தோலிலும், புண்ணிலும் படுதல் கூடாது. அடுப்பு, விளக்கு, சாம்பிராணித் தணல் ஆகியவற்றின் அருகே தெளித்தல் கொடிய இடர். மதுசாரமும் அவ்வாயுவும் எளிதில் தீப்பற்றுவன.

நடுவராகத் தாயை வைத்தோம். ஆயின் அவர் அந்த அறையில் நின்றவராயிருத்தல் கூடாது. முற்றத்திலிருந்து அப்போதே வந்தவராக வேண்டும். ஒரு கை நீட்டிய தொலைவில் நின்று அவருக்கு மணம் தெரிந்தால் அளவு மிகை. மறுநாள் ஒன்றாகக் குறைக்க வேண்டும். அவனுக்கு இரண்டே போதியதாயிற்று. அடுத்த கிழமை வாங்கில் எவரும் நகரவில்லை. மாலை ரியூசனுக்குச் செல்லுமுன் அக்குளை நீரினாற் கழுவித் துடைத்து, சட்டையை மாற்றி, ஒருமுறை மட்டும் தெளித்தான். ஒருநாள் மிகையாகிவிடின் மேலும் எதனையும் பூசாது, அவ்விடத்தைச் சவர்க்காரமிட்டுக் கழுவிச் சட்டையை மாற்றுவதே வழி.

வகுப்பறையிலும், கதவடைத்த பள்ளி வானிலும் தெளித்தல் அறவே ஆகாது. நாற்பது பிள்ளைகளுள் தொய்வு உடையவர் சிலரேனும் இருப்பர். ஒற்றைத் தலைவலி உடையவரும் இருப்பர். மிகுந்த மணம் அவர்களுள் சிலருக்கு இழுப்பையும் வலியையும் எழுப்பவல்லது. அருகிருப்பவனுக்குத் தொய்வு உண்டென்று தெரிந்தால், பள்ளி நாள்களில் மணமற்ற உருளைப்பூச்சோடு நிறுத்தி, தெளிப்பைக் கலியாண வீட்டுக்கு வைத்துக்கொள்ளலாம். வாங்கிக் கொடுக்கும் அன்றே பெற்றோர் இதனையும் சொல்லிக் கொடுத்தல் வேண்டும். குப்பியின் விலை பிள்ளைக்குத் தெரியும். பக்கத்தில் இருப்பவனின் மூச்சு அவனுக்குத் தெரியாது.